‘கொடுக்கலாம்’ என்ற சொல்லுக்குள் இருப்பது

கேள்வி: “வக்கீல் அண்ணா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். சட்டப் படிப்பில் முதல் வருடம். ‘அதிகாரி அனுமதி கொடுக்கலாம், மறுக்கலாம்’ என்று சட்டமே சொல்லும்போது, அவர் ஒருத்தருக்குக் கொடுத்து இன்னொருத்தருக்கு மறுத்தால் அது சட்டப்படி நடந்ததுதானே? அதைப் போய் சட்டத்தின் ஆட்சிக்கும் சமத்துவத்துக்கும் விரோதம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?”

தம்பி, ஓர் அனுமதிச் சட்டம் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முடிவெடுப்பது யார் என்று சொல்ல வேண்டும். எதைப் பார்த்து முடிவெடுப்பது என்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் வாசகம் முதலாவதைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டாவதை அந்த நாற்காலியில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் மனதில் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய மனதில் இருப்பது உங்களுக்குத் தெரியாது, மேலதிகாரிக்குத் தெரியாது, நீதிமன்றத்துக்கும் தெரியாது. அப்படியானால் உங்களை ஆள்வது சட்டமா, அந்த மனிதரின் மனமா? சட்டத்தின் ஆட்சி என்ற கோட்பாடு கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

சமத்துவம் எங்கே வருகிறது என்பதை என் வீட்டில் நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

என் தாய்மாமா தள்ளுவண்டியில் இட்லி, ஆப்பம் விற்றவர். எல்லையோரத்து ஊர் ஒன்றில் தேர்த் திருவிழா வரும்போது சாலையோரப் புறம்போக்கில் தற்காலிகக் கடை போட உள்ளூர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒரு வருடம் மாமா விண்ணப்பித்தார். ஒரு வாரம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: ‘மனு பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்படுகிறது.’ அவர் கேட்ட இடத்துக்கு நாலடி தள்ளி, அதே மாதிரி வண்டி வைத்திருந்த இன்னொருவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. மாமா நேரில் போய்க் கேட்டார். அங்கிருந்த அதிகாரி கோபப்படவில்லை, பணம் கேட்கவில்லை. “இத்தனை பேருக்குத்தான் கொடுக்க முடியும், யாருக்குக் கொடுப்பதென்று நான்தானே பார்க்க வேண்டும்” என்று அமைதியாகச் சொன்னாராம். அடுத்த வருடம் வேறு அதிகாரி வந்தார். மாமாவுக்கு அனுமதி கிடைத்தது, நாலடி தள்ளியிருந்தவருக்குக் கிடைக்கவில்லை. வண்டிகள் இரண்டும் அதேதான், சாலையும் அதேதான். மாறியது நாற்காலியில் இருந்தவர் மட்டும்.

இதில் இரண்டு அதிகாரிகளுமே நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நான் அப்படித்தான் நினைக்கிறேன். முதலாமவர் ‘முதலில் மனு போட்டவருக்கு முன்னுரிமை’ என்று நினைத்திருக்கலாம். இரண்டாமவர் ‘போன தடவை கிடைக்காதவருக்கு இந்தத் தடவை’ என்று நினைத்திருக்கலாம். இரண்டுமே நியாயமான அளவுகோல்கள். ஆனாலும் சமத்துவம் அங்கே உடைந்துவிட்டது. ஒரே மாதிரி இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்து என்பதுதான் அரசமைப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு. ‘ஒரே மாதிரி’ என்று சொல்லவே ஓர் அளவுகோல் வேண்டும். எந்த விஷயத்தில் ஒரே மாதிரி? மனு கொடுத்த தேதியிலா, உள்ளூர்க்காரர் என்பதிலா, கடையின் அகலத்திலா? அளவுகோலை முன்கூட்டியே யாரும் சொல்லாத இடத்தில், மாமாவும் அந்த இன்னொருவரும் சமமா இல்லையா என்ற கேள்வியையே கேட்க முடியாது. கேட்க முடியாததால் அதிகாரி தவறு செய்தார் என்று நிரூபிக்கவும் முடியாது. பாரபட்சம் நடந்ததா இல்லையா என்பதே இருட்டில் போய்விடுகிறது.

தன் விருப்பப்படி முடிவெடுக்க அதிகாரிக்குச் சட்டம் தரும் அதிகாரத்துக்கு விருப்புரிமை என்று பெயர். புத்தகத்தில் படிக்கும்போது கட்டுப்பாடற்ற விருப்புரிமை என்றதும் லஞ்சமும் பழிவாங்கலும்தான் மாணவர்களுக்கு நினைவு வரும். அவை உண்டுதான். ஆனால் விஷயத்தின் வேர் அங்கே இல்லை. நல்லவர் கையில் இருந்தாலும் இந்த அதிகாரம் ஆளுக்கொரு நீதியைத்தான் தரும் என்பதுதான் வேர்.

இனி நீதிமன்றம் இதை எப்படிப் பார்த்தது என்பதற்கு வருவோம். நிறைய வழக்குகளைப் பட்டியல் போடுவதைவிட ஒன்றை முழுதாகப் படிப்பது நல்லது. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் துவாரகா பிரசாத் வழக்கிலிருந்துதான் தொடங்குவேன். உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்த்தது. உத்தரப் பிரதேச அரசு 1953-ல் ஒரு நிலக்கரிக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. உரிமம் இல்லாமல் யாரும் நிலக்கரியைச் சேமிக்கவோ விற்கவோ கூடாது. தட்டுப்பாட்டுக் காலம், அதனால் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு ஆணையின் 4(3)-வது கூறில் இருந்தது. உரிமம் வழங்கும் அதிகாரி உரிமம் கொடுக்கலாம், மறுக்கலாம், புதுப்பிக்கலாம், புதுப்பிக்க மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம், ரத்து செய்யலாம், மாற்றலாம் என்று அது சொன்னது. நிபந்தனை ஒன்றே ஒன்று: காரணத்தை எழுதிவைக்க வேண்டும். கூடவே ஒரு துணை வாசகம். இந்த அதிகாரங்கள் எல்லாவற்றையும் மாநில நிலக்கரிக் கட்டுப்பாட்டாளரும், அவர் அதிகாரம் அளிக்கும் எவரும் செலுத்தலாம் என்றது. ‘எவரும்’ என்றால் எவரும்தான். தகுதி, பதவி எதுவும் சொல்லப்படவில்லை. தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்று நம் ஊரில் சொல்வோமே, அதையே சட்ட வாசகமாக எழுதிவைத்த மாதிரி.

கான்பூரைச் சேர்ந்த நிலக்கரி வியாபாரிகளின் உரிமம் இந்தக் கூறின்படி ரத்தானது. அவர்கள் நேரே உச்ச நீதிமன்றம் போனார்கள். அரசுத் தரப்பு என்ன சொல்லியிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். ‘அதிகாரி கண்மூடித்தனமாகச் செயல்பட முடியாதே, காரணத்தை எழுத வேண்டுமே’ என்பதுதான் அவர்களுடைய வாதம். நீதிபதி முகர்ஜியா எழுதிய தீர்ப்பு இந்த வாதத்தை ஏற்கவில்லை. அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். எழுதப்படும் காரணம் அந்த அதிகாரியின் சொந்த மனநிறைவுக்கு மட்டுமே உதவும், பாதிக்கப்பட்டவருக்கு அதனால் ஒரு பரிகாரமும் இல்லை என்றார். அந்தக் காரணத்தைச் சரிபார்க்க மேலே யாரும் இல்லை. எந்தக் காரணம் செல்லும், எது செல்லாது என்று சொல்லும் விதியோ வழிகாட்டுதலோ ஆணையில் எங்கும் இல்லை. அந்தக் கூறும், யாருக்கு வேண்டுமானாலும் விலக்கு அளிக்கலாம் என்ற இன்னொரு கூறும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

ஒரு நுட்பம்: அந்தத் தீர்ப்பு முக்கியமாகச் சாய்ந்தது தொழில் செய்யும் உரிமையைத் தரும் 19-வது பிரிவின் மேல். கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும், அளவுகோலே இல்லாத கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க முடியாது என்பது அதன் வழி. தேர்வில் இதை 14-வது பிரிவு வழக்கு என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும். ஆனால் சிந்தனை ஒன்றேதான்.

14-வது பிரிவை நேரடியாகத் தொட்டது அதற்கு இரண்டு வருடம் முந்தைய அன்வர் அலி சர்க்கார் வழக்கு. மேற்கு வங்க அரசு சிறப்பு நீதிமன்றங்களை அமைத்து, எந்தக் குற்றத்தையும், குற்ற வகையையும், தனி வழக்கையும்கூட அங்கே அனுப்பலாம் என்று சட்டத்தில் எழுதிக்கொண்டது. அங்கே நடைமுறை சுருக்கம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் சில பாதுகாப்புகள் இல்லை. விரைவான விசாரணைதான் நோக்கம் என்று முகவுரை சொன்னது. சரி, எந்த வழக்குக்கு விரைவு வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிப்பது? சட்டம் அதைச் சொல்லவில்லை. ஒரே குற்றத்தைச் செய்த இருவரில் ஒருவரைச் சாதாரண நீதிமன்றத்துக்கும் மற்றவரை அங்கேயும் அனுப்பலாம், கேட்க ஆளில்லை. பெரும்பான்மை நீதிபதிகள் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கினார்கள். ஆனால் சில வாரங்களிலேயே, அதே 1952-ல், ஏறக்குறைய அதே மாதிரியான சௌராஷ்டிரச் சட்டம் ஒன்று நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தப்பித்தது. அங்கே பொதுப் பாதுகாப்பு, பொது அமைதி என்ற நோக்கம் சட்டத்தில் இருந்தது, எந்தெந்தக் குற்றங்கள் என்று அரசின் அறிவிப்பும் பெயர் சொல்லிக் குறித்திருந்தது. அளவுகோல் எவ்வளவு தெளிவாக இருந்தால் போதும் என்பதில் நீதிபதிகளுக்குள்ளேயே இவ்வளவு மெல்லிய கோடுதான். இதைப் படிக்கும்போது குழப்பமாக இருந்தால் உங்கள் மேல் தவறில்லை.

இந்த இடத்தில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் டைசியைப் பற்றி இரண்டு வரி. 1885-ல் அவர் சட்டத்தின் ஆட்சியை விளக்கியபோது, விருப்புரிமை இருக்கும் இடத்தில் தன்னிச்சைக்கு இடமுண்டு என்று பொதுவாகவே அதைச் சந்தேகத்தோடு பார்த்தார். அப்படிப் பார்த்தால் இன்றைக்கு எந்த அலுவலகமும் நடக்காது. எந்தக் கடை எந்த வளைவில் பேருந்தை மறிக்கும் என்று சட்டசபையில் உட்கார்ந்துகொண்டு எழுத முடியாது. அதை இடத்தில் போய்ப் பார்க்கிறவர்தான் முடிவு செய்ய முடியும். 1969-ல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கென்னத் கல்ப் டேவிஸ் இதை ஒரு நல்ல வழிக்குக் கொண்டுவந்தார். விருப்புரிமையை ஒழிக்க வேண்டாம், தேவையில்லாத அளவை வெட்டிவிடுங்கள், மிச்சத்துக்குக் கட்டமைப்பு கொடுங்கள், பிறகு அதைச் சரிபார்க்க ஓர் ஆளை வையுங்கள் என்றார். கட்டமைப்பு என்று அவர் சொன்னது வெளிப்படையான அளவுகோல், வெளிப்படையான காரணம், முந்தைய முடிவுகளோடு ஒத்துப்போதல் போன்ற சாதாரண விஷயங்களைத்தான். என் மாமா விஷயத்தில் இல்லாமல் போனவை இவைதான்.

இந்தக் கட்டமைப்பைத் தருவது யார் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. அதற்கு நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு.

1950-களில் சென்னை மாநிலத்தில் பேருந்துத் தடத்துக்குப் பெர்மிட் வாங்குவது பெரிய விஷயம். (பாலக்காடு அப்போது சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. நம் சித்தூர் தாலுகாவோ பழைய கொச்சியின் துண்டு, அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பரில்தான் எல்லாம் கேரளம் ஆனது.) ஒரு தடத்துக்கு ஏராளமான மனுக்கள் வரும். போக்குவரத்து அதிகார அமைப்பு ஒருவருக்குக் கொடுக்கும், மற்றவர்கள் மேல்முறையீட்டுக்கு ஓடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பொதுமக்களின் நலனைப் பார் என்றது, அதற்குள் எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லவில்லை. 1956 ஏப்ரலில் அரசு ஓர் அரசாணை போட்டு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. பணிமனை இருக்கிறதா, தொழிலில் அனுபவம் என்ன, தடத்தின் பகுதியில் குடியிருப்போ தொழிலோ இருக்கிறதா, தாக்குப்பிடிக்கும் அளவுக்கு வண்டிகள் வைத்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கேட்டால் நல்ல விஷயமாகத்தான் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

சென்னை - கிருஷ்ணகிரி தடம் சம்பந்தமான ராஜகோபால நாயுடு வழக்கில் 1964-ல் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணை செல்லாது என்றது. ஏன்? பெர்மிட் வழங்குவது நீதிமன்றத்தின் வேலையை ஒத்தது. பல தரப்பைக் கேட்டு, ஆதாரம் பார்த்து முடிவெடுக்க வேண்டியது. அந்த அமைப்பிடம் நிர்வாகம் ‘இப்படித்தான் எடைபோட வேண்டும்’ என்று உத்தரவு போட்டால், முடிவெடுப்பவரின் சுதந்திரம் போய்விடுகிறது. இன்றைக்கு ஒரு மதிப்பெண் அட்டவணை வரும், நாளைக்கு ஆளும் தரப்புக்கு வேண்டியவர் விண்ணப்பிக்கும்போது அட்டவணை மாறும். அரசாணையை மாற்ற ஒரு கையெழுத்து போதும். தன்னிச்சையைத் தடுக்க வந்த கருவியே தன்னிச்சையின் இன்னொரு வாசலாகிவிடும். நீதிமன்றம் மதிப்பெண் முறையே கூடாது என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அது வந்த வழிதான் தவறு. அப்புறம் சென்னை அரசு அதே மாதிரி மதிப்பெண் முறையை மோட்டார் வாகன விதிகளுக்குள்ளேயே, 155-ஏ என்ற விதியாக வைத்தது. விதி என்றால் சட்டம் கொடுத்த அதிகாரத்தின்கீழ், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வருவது.

அதோடும் கதை முடியவில்லை. பிறகு வந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இன்னொரு பக்கத்தையும் எச்சரித்தது. மதிப்பெண்கள் பொதுமக்களின் நலன் என்ற முதன்மை நோக்கத்துக்குக் கீழ்ப்பட்டவை, மொத்தம் கூட்டிப் பார்த்துவிட்டு அந்த நோக்கத்தை மறந்துவிடக் கூடாது என்றது. கட்டமைப்பு கொடுக்கிறேன் என்று அதிகாரியைக் கூட்டல் கணக்குப் போடும் ஆளாக மாற்றினால், ஒரே மாதிரி இல்லாதவர்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் தவறு வரும். அதுவும் சமத்துவத்துக்கு எதிர்தான். அதனால் அளவுகோலும் வேண்டும், அதிலிருந்து விலகும் வழியும் வேண்டும், விலகினால் ஏன் என்று எழுதவும் வேண்டும்.

இனி உங்கள் கேள்வியின் இன்னொரு பாதிக்கு வருகிறேன். ‘கொடுக்கலாம்’ என்று சட்டத்தில் இருந்தாலே அந்தச் சட்டம் விழுந்துவிடுமா? விழாது. பெரும்பாலும் சட்டம் தப்பிக்கும், உத்தரவுதான் விழும். இந்த வித்தியாசம் புரிந்தால் நிர்வாகச் சட்டத்தில் பாதி புரிந்த மாதிரி.

1961-ல் தீர்ந்த இரானி வழக்கைப் பாருங்கள். சென்னை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், எந்தக் கட்டடத்துக்கும் அரசு விலக்கு அளிக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. விலக்கு கிடைத்துவிட்டால் வாடகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு போய்விடும். பார்த்தால் நிலக்கரி ஆணை மாதிரியே இருக்கிறது, ‘எந்தக் கட்டடத்துக்கும்’ என்கிறது. ஆனால் நீதிமன்றம் அந்தப் பிரிவைக் காப்பாற்றியது. வாடகையைக் கட்டுப்படுத்துவதும் நியாயமற்ற வெளியேற்றத்தைத் தடுப்பதும்தான் சட்டத்தின் நோக்கம் என்று முகவுரையிலேயே தெளிவாக இருக்கிறது. அந்த நோக்கத்தோடு பொருந்தும் இடத்தில் மட்டும்தான் விலக்கு தரலாம் என்று பிரிவைப் படித்துக்கொள்ள முடியும். அதாவது அளவுகோல் சட்டத்துக்குள்ளேயே மறைந்து இருந்தது, நீதிமன்றம் அதை எடுத்து வெளியே வைத்தது. அப்புறம் அதே அளவுகோலால் அந்தக் குறிப்பிட்ட விலக்கு உத்தரவை அளந்தது. அது பொருந்தவில்லை. பிரிவு நின்றது, உத்தரவு போனது.

ஆகவே உங்கள் ஊரில் ஒரு மறுப்பு உத்தரவு கையில் வந்தால், சட்டமே அரசமைப்புக்கு விரோதம் என்று உடனே கிளம்ப வேண்டாம். அந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று முதலில் பாருங்கள். உத்தரவில் எழுதிய காரணம் அந்த நோக்கத்தோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். சாலையோரக் கடைக்கு அனுமதி வாங்கச் சொல்வது போக்குவரத்துக்காகவும் சுகாதாரத்துக்காகவும். ‘சாலையின் அகலம் குறைகிறது’ என்றால் ஒட்டுகிறது. ‘இவர் போன கூட்டத்தில் சத்தம் போட்டவர்’ என்றால் ஒட்டவே இல்லை.

காரணமே எழுதாமல் ‘பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்படுகிறது’ என்று வந்தால்? அந்த வரியைப் பார்த்து மாமா பயந்துபோனார். உண்மையில் பயப்பட வேண்டியது எழுதியவர்தான். 1977 டிசம்பரில் மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் ஒரு விதியை உறுதியாகச் சொன்னார். நம் பாலக்காட்டுக்காரர்தான். ஓர் உத்தரவு செல்லுமா என்பதை அதில் எழுதியிருக்கும் காரணங்களை வைத்தே பார்க்க வேண்டும், பிறகு நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரம் போட்டுப் புதுக் காரணங்களைச் சேர்க்க முடியாது என்பது அது. இது ஏன் சமத்துவத்துக்கு முக்கியம்? கேள்வி வந்த பிறகு தேடிக் கண்டுபிடிக்கிற காரணம், முடிவெடுத்தபோது அங்கே இருந்த அளவுகோல் ஆகாது. அப்படிச் சேர்க்க விட்டால் யாருக்கு வேண்டுமானாலும் எதையும் மறுத்துவிட்டு, வழக்கு போட்டவருக்கு மட்டும் காரணம் தைத்துக் கொடுக்கலாம்.

இரண்டு எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். இவை தெரியாமல் நீதிமன்றப் படி ஏறினால் ஏமாற்றம்தான். முதலாவது, ‘அவருக்குக் கொடுத்தாய், எனக்கும் கொடு’ என்ற வாதம் எப்போதும் நிற்காது. அவருக்குக் கொடுத்ததே சட்டத்துக்குப் புறம்பு என்றால், அந்தத் தவறை உங்களுக்கும் ஒரு முறை செய்யச் சொல்லி 14-வது பிரிவை வைத்துக் கேட்க முடியாது. இதை உச்ச நீதிமன்றம் 1995-ல் சண்டிகர் நிர்வாகம் சம்பந்தப்பட்ட ஜக்ஜித் சிங் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. அதனால் நாலடி தள்ளியிருந்தவரின் அனுமதியை எடுத்துக்காட்டும்போது, அது முறையாகக் கொடுக்கப்பட்டது, அதே தகுதி எனக்கும் உண்டு என்று காட்ட வேண்டும். இரண்டாவது, எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றம் போய் வென்றாலும் பெரும்பாலும் உங்கள் கையில் அனுமதிச் சீட்டு வராது. மறுப்பை ரத்து செய்து, காரணத்தோடு மறுபடி முடிவெடு என்று அதிகாரியிடமே திருப்பி அனுப்புவார்கள். நீதிமன்றம் அவர் நாற்காலியில் உட்காராது. திருவிழா முடிந்த பிறகு வரும் மறுபரிசீலனையால் இட்லி விற்க முடியாது. அதனால்தான் அளவுகோல் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று இவ்வளவு பேசுகிறேன்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? மறுப்பு வந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுங்கள். அதை ‘கோப்பு நகல் வாங்கும் சட்டம்’ என்று மட்டும் நினைக்கிறார்கள். அதன் 4-வது பிரிவில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. தன் வேலையைச் செய்ய ஓர் அலுவலகம் வைத்திருக்கும் நெறிகளை அது தானாகவே வெளியிட வேண்டும். ஊழியர்கள் பயன்படுத்தும் விதிகள், அறிவுறுத்தல்கள், கையேடுகளையும் வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிர்வாக முடிவின் காரணத்தைத் தர வேண்டும். ஆகவே ‘எனக்கு ஏன் கிடைக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்கு ‘பரிசீலித்து மறுக்கப்பட்டது’ என்ற பழைய வரியே திரும்பி வரும். இப்படிக் கேளுங்கள்: இந்த இடத்தில் தற்காலிகக் கடை அனுமதிக்கு எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது, தேர்ந்தெடுக்கப் பின்பற்றிய அளவுகோல் எழுதப்பட்டிருக்கும் ஆவணத்தின் நகல், என் மனு பற்றிய கோப்புக் குறிப்பின் நகல். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். ‘அப்படி ஆவணம் எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சாட்சியம் அதுதான்.

கூடவே மேல்முறையீட்டுக் கெடுவைத் தவற விடாதீர்கள். கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டத்தில் செயலரின் உத்தரவுகளுக்கு எதிராகப் பஞ்சாயத்துக் குழுவிடமும், அதற்கு மேல் திருவனந்தபுரத்தில் உள்ள உள்ளாட்சித் தீர்ப்பாயத்திடமும் போக வழி இருக்கிறது. தகவல் வரட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களோடு தமிழிலும் கன்னடத்திலும் எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும். கவுண்டரில் இருப்பவர் ‘மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாங்க’ என்று சொல்வதும், சில நாள் ‘பரவாயில்லை, கொடுங்க’ என்று வாங்கிக்கொள்வதும் நடக்கிறது. இரண்டாவது ஆள் நல்லவர் என்று நாம் நன்றி சொல்லிவிட்டு வருகிறோம். சட்டம் நமக்குக் கொடுத்ததை அவருடைய தயவாக மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

மாமா கதையின் மிச்சத்தைக் கேட்டால் சொல்கிறேன். மூன்றாவது வருடம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, நான் மேலே எழுதிய அதே கேள்விகளோடு மனு போட்டார்கள். ஆவணம் இல்லை என்று பதில் வந்தது. அதை வைத்துக்கொண்டு உள்ளாட்சிக் குழுவிடம் போனார்கள். குழு ஒரு தீர்மானம் போட்டது. சாலை விளிம்பிலிருந்து ஆறடி விட்டுச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். கோட்டுக்கு உள்ளே எத்தனை கடை கொள்ளுமோ அத்தனைதான். உள்ளூரில் குடியிருந்து ஏற்கெனவே இரண்டு திருவிழாவிலாவது விற்றவர்களுக்கு முதல் பாதி, மிச்சம் எல்லோருக்கும் பொது. இடத்தைவிட ஆள் அதிகமானால் எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கல். வளைவில் பேருந்து திரும்பச் சிரமமாக இருந்தால் அதிகாரி ஓர் இடத்தை நீக்கலாம், ஆனால் ஏன் என்று பலகையில் எழுதி ஒட்ட வேண்டும்.

அந்த வருடம் பித்தளைக் குடத்திலிருந்து சீட்டு எடுத்தார்கள். மாமாவுக்கு வரவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் அவர் யாரையும் திட்டவில்லை. எத்தனாவது சீட்டில் தன் பெயர் தவறிப்போனது என்று மட்டும் சொன்னார்.